நொடிக் கணக்கும் மணிக் கணக்கும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று உச்சத்தில் வீசிக்கொண்டிருக்கிறது. இரண்டு மெகாவாட் காற்றாலை ஒன்று தன் முழுத் திறனில் மின்சாரத்தை மின்தொடருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் எங்கோ ஒரு பழுது; மின்தொடர் துண்டிக்கப்படுகிறது. இதுவரை வெளியே போய்க்கொண்டிருந்த 2,000 கிலோவாட்டுக்குப் போக வழியில்லை. ஆனால் காற்று நிற்கவில்லை. சுமை இழந்த இறக்கைகள் ஒவ்வொரு நொடியும் வேகம் கூடிச் சுழலத் தொடங்குகின்றன. அப்படியே விட்டால் இறக்கை முறியலாம், கோபுரமே சாயலாம்.

தப்பிக்கும் வழி, இறக்கைகளைத் திருப்புவதுதான். காற்றை வாங்கிக்கொண்டிருக்கும் இறக்கையைக் கிட்டத்தட்ட 90 டிகிரி திருப்பி, அதன் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி வைத்துவிட்டால் காற்றின் பிடி விட்டுப்போகும், சுழற்சி அடங்கும். பல டன் எடையுள்ள இறக்கையைத் திருப்ப அதன் அடியில் ஒரு மோட்டார் இருக்கிறது. மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம்தான் இப்போது போய்விட்டதே!

அதனால் மூன்று இறக்கைகளும் சேரும் நடுக்குமிழுக்குள், ஒவ்வோர் இறக்கைக்கும் தனித்தனியாக, அவசர மின்சாரச் சேமிப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒன்று கைவிட்டாலும் மற்ற இரண்டும் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே அந்தத் தனித்தனி ஏற்பாடு. பெரும்பாலான நேரம் அந்தச் சேமிப்புக்கு வேலையில்லை. அழைப்பு வந்தால் சுமார் 15 நொடி உழைக்க வேண்டும். அந்த 15 நொடியில் தவறவே கூடாது.

அந்தப் பெட்டிக்குள் பேட்டரியை வைப்பதா, சூப்பர் கெப்பாசிட்டரை வைப்பதா? இவை இரண்டில் எது எங்கே பொருந்தும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

உள்ளேயும் வெளியேயும்

வீட்டு மின்விசிறியில் கெட்டுப்போனால் மாற்றுகிறோமே ஒரு கண்டென்சர், அதுவும் ஒரு கெப்பாசிட்டர்தான். அதன் கொள்ளளவு பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். சந்தையில் கிடைக்கும் பெரிய சூப்பர் கெப்பாசிட்டர் செல் ஒன்றின் கொள்ளளவு 3,000 ஃபாரட். அதாவது விசிறிக் கண்டென்சரைப் போல 120 கோடி மடங்கு. ஆனால் அந்த செல் ஒரு குளிர்பான டப்பா அளவுதான் இருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் இது எப்படி முடிகிறது?

உலோகத் தகட்டின் மேல் கரியைப் பூசியிருக்கிறார்கள். சாதாரணக் கரி அல்ல, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஆக்டிவேட்டட் கார்பன். அதன் ஒரு கிராமுக்குள் ஒளிந்திருக்கும் பரப்பை விரித்தால் 1,500 சதுர மீட்டருக்கும் மேல் வரும். இந்தக் கரிக்குச் சிறந்த மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய்ச் சிரட்டை. காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களிலும் இலங்கையிலும் சிரட்டைக்கரித் தொழில் நடக்கிறது. சூப்பர் கெப்பாசிட்டருக்கென்று தனித் தரத்தில் இந்தக் கரியைச் சுத்திகரிக்கிறார்கள்.

கரி பூசிய இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்கரைசல் இருக்கிறது. மின்சாரம் ஏற்றும்போது கரைசலில் உள்ள அயனிகள் கரியின் பரப்பை நோக்கி வந்து, அதை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இறக்கும்போது விலகிப் போகின்றன. அவ்வளவுதான். எந்தப் பொருளும் வேறொரு பொருளாக மாறுவதில்லை. மின்னூட்டம் இப்படிப் பரப்பை ஒட்டி இரட்டை அடுக்காக நிற்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். அதைக் கொண்டு கரி மின்முனையுள்ள கெப்பாசிட்டருக்கு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹோவர்ட் பெக்கர் காப்புரிமை பெற்றது 1957-இல்.

பேட்டரியில் நடப்பது வேறு. லித்தியம் பேட்டரியில் அயனிகள் மின்முனைப் பொருளின் உட்புறத்துக்கே போய்த் தங்குகின்றன. ஈய-அமில பேட்டரியில் தகட்டின் பொருளே வேதிமாற்றம் அடைகிறது. வீட்டின் உள்ளறைகளில் போய்ப் படுத்துவிட்ட விருந்தாளிகளை எழுப்பி வெளியே கொண்டுவர நேரமாகும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார். ஆனால் திண்ணையில் எத்தனை பேர் உட்கார முடியும்?

இரண்டின் குணங்களும் இங்கிருந்தே பிறக்கின்றன. சூப்பர் கெப்பாசிட்டர் சில நொடிகளில் நிரம்பும், சில நொடிகளில் முழுவதையும் கொட்டும். பொருள் மாறாததால் தேய்மானம் மிகக் குறைவு. பத்து லட்சம் முறை ஏற்றி இறக்கலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். பேட்டரியில் இந்த எண்ணிக்கை சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை. ஆனால் கொள்ளும் ஆற்றலில் நிலைமை தலைகீழ். மேலே சொன்ன 3,000 ஃபாரட் செல் 2.7 வோல்ட்டில் சேமிப்பது மூன்று வாட்-மணி. எடையோ அரைக் கிலோ. மடிக்கணினியில் இருக்கும், விரல் பருமனுள்ள ஒரு லித்தியம் செல் ஐம்பது கிராமுக்குள் பத்து வாட்-மணியை வைத்துக்கொள்கிறது. எடைக்கு எடை பார்த்தால் லித்தியம் முப்பது மடங்குக்கும் மேலே நிற்கிறது.

பதினைந்து நொடியின் கணக்கு

இனிக் காற்றாலைக்குப் போவோம். ஓர் இறக்கையைத் திருப்பும் மோட்டார் சராசரியாக நான்கு கிலோவாட் எடுத்துக்கொள்கிறது, வேலை 15 நொடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலாயிரத்தைப் பதினைந்தால் பெருக்கினால் 60,000 ஜூல். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் இது 17 வாட்-மணிக்குள்தான். ஏறத்தாழ ஒரு கைப்பேசி பேட்டரியில் இருக்கும் அளவு, அவ்வளவே. ஆனால் கைப்பேசி பேட்டரியால் நான்கு கிலோவாட் தர முடியாது. இங்கே தேவைப்படுவது கொஞ்சமான ஆற்றல், ஆனால் மிக வேகமாக.

காற்றாலைகளுக்கென்றே விற்கப்படும் சூப்பர் கெப்பாசிட்டர் தொகுப்பு ஒன்றில் 60 சிறு செல்கள் தொடராக இருக்கும். மொத்தம் 160 வோல்ட், 5.8 ஃபாரட், எடை ஐந்து கிலோ அளவில். கெப்பாசிட்டரின் ஆற்றலுக்குப் பள்ளிப் பாடத்தில் படித்த சூத்திரமே போதும்: E = ½CV². கணக்குப் போட்டால் ஒரு தொகுப்பில் 74,000 ஜூல் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெப்பாசிட்டர் காலியாகக் காலியாக அதன் வோல்ட்டேஜும் இறங்கிக்கொண்டே வரும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மோட்டாரை ஓட்ட முடியாது. அதனால் வோல்ட்டேஜ் பாதியாகும் வரைதான் பயன்படுத்துவார்கள். சூத்திரத்தில் வோல்ட்டேஜ் இருமடிப் பெருக்கத்தில் இருப்பதால், பாதி வோல்ட்டேஜுக்கு வருவதற்குள் முக்கால் பங்கு ஆற்றல் வெளியே வந்துவிடுகிறது. இரண்டு தொகுப்புகளைத் தொடராக இணைத்தால் மொத்தம் 1,48,000 ஜூல். அதில் பயன்படக்கூடியது 1,11,000. நமக்கு வேண்டியது 60,000. பல ஆண்டுகள் ஓடிக் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனாலும் 89,000 மிச்சம் இருக்கும். பத்துக் கிலோவில் வேலை முடிந்தது.

இதே வேலையை ஈய-அமில பேட்டரியும் செய்யும். பல காலம் செய்தும் வந்திருக்கிறது. நான்கு கிலோவாட்டைத் தாங்க வேண்டும் என்பதற்காக, தேவைப்படும் ஆற்றலைப் போலப் பல மடங்கு கொண்ட பேட்டரி வரிசையை வைக்க வேண்டியிருக்கும். அதுகூடப் பெரிய குறையில்லை. உண்மையான சிக்கல் அது இருக்கும் இடத்தில் இருக்கிறது.

எண்பது மீட்டர் உயரத்தில்

காற்றாலையின் குமிழ் தரையிலிருந்து எண்பது மீட்டர், அதற்கும் மேலே இருக்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று அளவில் சுழல்கிறது, அதிர்கிறது, வெயிலில் காய்கிறது. ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. 25 டிகிரிக்கு மேலே ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது அத்துறையினரின் நடைமுறைக் கணக்கு. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரிகளை மாற்றியாக வேண்டும். காற்றாலையை நிறுத்தி, பணியாளர்கள் மேலே ஏறி, கனமான பேட்டரிகளைக் கயிற்றில் ஏற்றி இறக்க வேண்டும். பேட்டரியின் விலையைவிட இந்த வேலைக்கும் நின்றுபோன உற்பத்திக்கும் ஆகும் செலவுதான் உரிமையாளரைக் கடிக்கும்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நல்ல நிலையில் இருக்கிறதா என்று பேட்டரியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். 12 வோல்ட் பேட்டரி ஒன்றை அளந்தால் 12.6 காட்டும், நன்றாக இருப்பதாகவே தோன்றும். சுமை ஏறிய மறுநொடியில் எட்டு வோல்ட்டுக்கு விழும். காலையில் கார் சாவியைத் திருப்பியதும் விளக்குகள் மங்கி, 'டக் டக்' என்று சத்தம் மட்டும் கேட்கும் அனுபவம் பலருக்கும் இருக்கும். காருக்கு அது நேர்ந்தால் தள்ளிக்கொள்ளலாம். இறக்கைகள் கட்டுமீறிச் சுழலும்போது நேர்ந்தால் என்ன செய்வது?

கெப்பாசிட்டர் தன் நிலையை ஒளிப்பதில்லை. அதன் வோல்ட்டேஜே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நேரடியான அளவுகோல். சோதிப்பதும் எளிது. தெரிந்த அளவு மின்னோட்டத்தைச் சில நொடி எடுத்து, வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் போதும். பத்து ஆம்பியரை இரண்டு நொடி எடுக்கும்போது நான்கு வோல்ட் இறங்கினால் கொள்ளளவு ஐந்து ஃபாரட். கொள்ளளவு குறையக் குறைய இறக்கம் அதிகமாகும். எடுக்கத் தொடங்கிய கணத்தில் படக்கென்று விழும் அளவு உள்மின்தடையைக் காட்டும். கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ உள்மின்தடை இரட்டிப்பானாலோ மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். காற்றாலையின் கட்டுப்பாட்டுக் கணினியே இந்தச் சோதனையை அவ்வப்போது நடத்திவிட முடியும். யாரும் மேலே ஏற வேண்டியதில்லை.

சூப்பர் கெப்பாசிட்டருக்குச் சாவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அதன் எதிரிகள் இரண்டு: வெப்பமும் மிகை வோல்ட்டேஜும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்ற கணக்கு இதற்கும் பொருந்தும். ஆனால் தொடங்கும் இடம் உயரம். 65 டிகிரி வரை வேலை செய்யும் வகையிலேயே செய்கிறார்கள். வோல்ட்டேஜில் கருணையே கிடையாது. 2.7 வோல்ட்டுக்கு மேலே வைத்தால் கரைசல் சிதைந்து வாயு உண்டாகும். செல் உப்பும், கடைசியில் அதன் அழுத்த வாய் திறந்துவிடும். செல் ஒன்றுக்கு 0.1 வோல்ட் குறைத்து வைத்தாலே ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே எங்கள் ஊர் போன்ற வெயில் பகுதிகளில் 2.7 வோல்ட் செல்லை 2.5-இல் நிறுத்தி வைப்பதே புத்திசாலித்தனம்.

அறுபது செல்கள் தொடராக இருக்கும்போது எல்லாம் ஒன்றுபோல் பங்கிட்டுக்கொள்ளும் என்று நம்பிவிடவும் முடியாது. ஒன்று கொஞ்சம் வலுவிழந்தால் அதன் மேல் வோல்ட்டேஜ் கூடும், அதனால் இன்னும் வேகமாகக் கெடும். இதைத் தடுக்க ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் சிறு மின்சுற்றைச் சேர்க்கிறார்கள். தொகுப்பு சீக்கிரம் கெட்டுப்போகும்போது, முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று இந்தச் சமப்படுத்தும் சுற்று.

எல்லாக் காற்றாலைக்கும் இந்தக் கதை பொருந்தாது. தொண்ணூறுகளில் நட்ட பல சிறிய ஆலைகளில் இறக்கை திரும்பவே திரும்பாது. வேறு வகைத் தடுப்பு இருக்கும். சில நிறுவனங்கள் மின்மோட்டாருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இறக்கையைத் திருப்புகின்றன. மின்மோட்டார் இருக்கும் ஆலைகளில் மட்டுமே பேட்டரியா சூப்பர் கெப்பாசிட்டரா என்ற கேள்வி எழும். அங்கே சூப்பர் கெப்பாசிட்டரின் பக்கம்தான் நியாயம் நிற்கிறது.

வீட்டு இன்வெர்ட்டரில் தலைகீழ்

இவ்வளவு நல்லதென்றால் வீட்டு இன்வெர்ட்டரிலும் இதையே வைக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விசிறிகளும் விளக்குகளுமாக 400 வாட், மின்தடை மூன்று மணி நேரம். தேவை 1,200 வாட்-மணி. சூப்பர் கெப்பாசிட்டரில் முக்கால் பங்குதான் பயன்படும் என்பதால் 1,600 வாட்-மணிக்கு வாங்க வேண்டும். ஒரு பெரிய செல்லில் மூன்று வாட்-மணி. ஆக, 530-க்கும் மேற்பட்ட செல்கள். செல்களின் எடை மட்டுமே 270 கிலோ. அதே வேலையை மூலையில் இருக்கும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி அறுபது கிலோ அளவில், மிகக் குறைந்த விலையில் செய்துவிடுகிறது.

இன்வெர்ட்டருக்கு 400 வாட் என்பது மெதுவான இழுப்பு. நொடியில் கொட்டும் திறமை அங்கே வீண். இன்னொரு குறையும் உண்டு. ஏற்றி வைத்த சூப்பர் கெப்பாசிட்டர் சும்மா இருந்தாலும் கசியும். சில வாரங்களில் கணிசமான பகுதி போய்விடும். காற்றாலையில் மின்தொடர் எப்போதும் அதை நிரப்பிக்கொண்டே இருப்பதால் கசிவு ஒரு பொருட்டில்லை. சுவர்க்கடிகாரத்துக்கும் டார்ச் விளக்குக்கும் அது ஒத்துவராது.

இந்த இரண்டு கணக்கிலிருந்தும் ஓர் எளிய விதி கிடைக்கிறது. தேவைப்படும் ஆற்றலை, தேவைப்படும் திறனால் வகுத்துப் பாருங்கள். விடை நேரமாக வரும். காற்றாலையில் விடை 15 நொடி. இன்வெர்ட்டரில் மூன்று மணி. விடை நொடிகளில் வந்து, அந்த வேலை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடக்குமானால் சூப்பர் கெப்பாசிட்டர். மணிகளில் வந்தால் பேட்டரி. நிமிடங்களில் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நடுவில் நிற்கும் பேருந்து

யோசிக்க வேண்டிய இடத்துக்குப் பேருந்து நல்ல எடுத்துக்காட்டு. 15 டன் பேருந்து மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருகிறது, எட்டு நொடியில் நிற்கிறது. அதன் இயக்க ஆற்றல் 7,50,000 ஜூல், சுமார் 208 வாட்-மணி. இரண்டு கிலோ லித்தியம் பேட்டரிக்குள் இதை அடைத்துவிடலாம். ஆனால் எட்டு நொடிக்குள் வருவதால் 94 கிலோவாட் வேகத்தில் வருகிறது. இரண்டு கிலோ பேட்டரி அதை விழுங்க முயன்றால் எரிந்துபோகும். நூறு கிலோ அளவிலான சூப்பர் கெப்பாசிட்டர் தொகுப்போ ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதை வாங்கி, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கும்.

சீனாவின் ஷாங்காய் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2006-இல் 11-ஆம் எண் தடத்தில், சூப்பர் கெப்பாசிட்டரில் மட்டுமே ஓடும் பேருந்துகளை விட்டது. பழைய நகரைச் சுற்றிவரும் சிறிய வட்டத் தடம் அது. பயணிகள் ஏறி இறங்கும் அரை நிமிடத்துக்குள் நிறுத்தத்தின் கூரையிலிருந்து பேருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். அடுத்த சில கிலோமீட்டருக்கு அது போதும். தடம் குறுகியது, நிறுத்தங்கள் தெரிந்தவை, நேரம் நிச்சயமானது. அதனால்தான் அது நடந்தது. அதே பேருந்தைச் சென்னையிலிருந்து திருச்சிக்கு அனுப்பினால் தாம்பரத்தைத் தாண்டாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இன்றைய மின்பேருந்துகளில் நீண்ட தூரத்துக்காக 250 கிலோவாட்-மணி அளவில் பேட்டரி வைக்கிறார்கள். அவ்வளவு பெரிய பேட்டரிக்கு 94 கிலோவாட் ஒரு சுமையே அல்ல. பிரேக் ஆற்றலைத் தானே வாங்கிக்கொள்ளும். அங்கே சூப்பர் கெப்பாசிட்டரையும் சேர்த்தால் எடையும் செலவும்தான் கூடும். ஜெனீவா நகரிலோ நிறுத்தத்தில் சில நொடி மின்சாரம் ஏற்றும் பேருந்துகளை, வேகமாக ஏறும் லித்தியம் டைட்டனேட் பேட்டரியைக் கொண்டே ஓட்டுகிறார்கள். பேட்டரிகள் வேகம் கற்கக் கற்க, நிமிடக் கணக்கான வேலைகள் அவற்றின் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. நொடிக் கணக்கான வேலைகள் இன்னும் சூப்பர் கெப்பாசிட்டரிடமே இருக்கின்றன.

வாங்கும் முன்

சூப்பர் கெப்பாசிட்டர் என்ற பெயரில் வீட்டுக்கும் வண்டிக்கும் சேமிப்புப் பெட்டிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. பேட்டரியே இல்லை, வாழ்நாள் முழுக்க உழைக்கும் என்று சொல்வார்கள். அதை நம்புவதற்கு முன் இரண்டு எண்களைக் கேளுங்கள்: எத்தனை வாட்-மணி, எத்தனை கிலோ. கரியும் கரைசலும் கொண்ட உண்மையான சூப்பர் கெப்பாசிட்டர் கிலோவுக்கு ஆறு வாட்-மணி அளவில்தான் கொள்ளும். லித்தியம் அயனியோடு கலந்த கலப்பு வகைகள் அதைப்போல இரண்டு மடங்கு, கொஞ்சம் கூடுதலாகவும் கொள்ளலாம். 3,500 வாட்-மணி என்று எழுதிய பெட்டி எழுபது கிலோ இருந்தால் கிலோவுக்கு ஐம்பது வருகிறது. உள்ளே இருப்பது ஏதோ ஒரு பேட்டரி.

மீட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். நிலையான சுமையைக் கொடுத்து, பாதி ஆற்றல் தீரும் வரை வோல்ட்டேஜைக் கவனியுங்கள். கெப்பாசிட்டராக இருந்தால் அது சீராக இறங்கிக்கொண்டே வந்து, தொடங்கியதில் 70 சதவீதத்துக்கு வந்திருக்கும். கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அது பேட்டரி. பேட்டரியாக இருப்பது குற்றமில்லை. மணிக்கணக்கில் விசிறி ஓட அதுதான் சரியான பொருள். ஆனால் பேட்டரிக்குப் பேட்டரி விலைதான் கொடுக்க வேண்டும். உத்தரவாதத்தையும் பேட்டரிக்குரியதாகவே பார்த்து வாங்க வேண்டும்.